மூடிய கணக்கின் பழைய ஸ்டேட்மென்ட்: எப்படிக் கேட்பது, என்ன கட்டணம் பிடிப்பார்கள்

கணக்கை மூடியதும் வங்கி அதன் பதிவுகளை அன்றைக்கே அழித்துவிடாது. உங்கள் ஆப்பிலும் நெட் பேங்கிங்கிலும் அந்தக் கணக்கு காணாமல் போயிருக்கும், அவ்வளவுதான். பதிவுகள் இன்னும் சில ஆண்டுகள் வங்கியிடம் இருக்கும், இருந்தாக வேண்டும் என்று சட்டமும் இருக்கிறது. ஆனால் அதற்கும் ஒரு கெடு உண்டு. அந்தக் கெடு எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்று தெரியாததால்தான் பலர் இன்னும் கிடைக்கக்கூடிய ஸ்டேட்மென்டைக் கேட்காமல் விடுகிறார்கள், அல்லது மூன்று மாதம் போதும் என்ற இடத்தில் ஆறேழு ஆண்டுக்கும் கேட்டுவிட்டுப் பெரிய தொகை கட்டுகிறார்கள்.

முதலில், கெடு எப்படி ஓடுகிறது

பணமோசடியைத் தடுப்பதற்காக உலக நாடுகள் பின்பற்றும் எஃப்ஏடிஎஃப் அமைப்பின் பரிந்துரைகளில் 11-வது, வங்கிகள் பதிவுகளைக் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. இந்தியா, பிரிட்டன், அமெரிக்கா, சிங்கப்பூர் எல்லாம் இந்த 5 ஆண்டைத்தான் சட்டத்தில் வைத்திருக்கின்றன, ஆஸ்திரேலியாவில் 7. இது குறைந்தபட்ச அளவுதான். பல வங்கிகள் தங்கள் வசதிக்காகவும் வரிச் சட்டம், வழக்கு போன்ற காரணங்களுக்காகவும் இதைவிட நீண்ட காலம் வைத்திருக்கின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த 5 ஆண்டு இரண்டு விதமாக ஓடுகிறது. வரவு செலவுப் பதிவுக்கு, அந்தப் பரிமாற்றம் முடிந்த நாளிலிருந்து எண்ணலாம். கணக்கு திறந்த படிவம், அடையாளச் சான்று, உங்களோடு நடந்த கடிதப் போக்குவரத்து போன்றவற்றுக்கு, கணக்கை மூடிய நாளிலிருந்து எண்ண வேண்டும். சில நாடுகளில் இரண்டையும் மூடிய நாளிலிருந்தே எண்ணச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் கணக்கை மூடி மூன்று ஆண்டுதான் ஆகிறது என்றாலும், அதற்கு முந்தைய ஆண்டுகளின் பரிமாற்றங்கள் எல்லாம் கட்டாயம் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதே சமயம், ஆறு ஆண்டு ஆகிவிட்டதே என்று நீங்களாகவே முடிவு செய்து விட்டுவிடவும் கூடாது. கேட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 2016 ஜனவரியில் திறந்தது, 2022 ஆகஸ்டில் மூடியது. இப்போது 2025 ஜூன் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு வைத்திருந்தவர் வீடு வாங்கியபோது கொடுத்த முன்பணம் எங்கிருந்து வந்தது என்று வரி அலுவலகம் கேட்கிறது. 2019 நவம்பரில் வேறொரு வங்கியில் முதிர்ந்த வைப்புத்தொகை இந்தக் கணக்குக்கு வந்தது, 2020 ஜனவரியில் இதிலிருந்து முன்பணம் போனது. பரிமாற்ற நாளிலிருந்து எண்ணினால் வரவுக்கு 2024 நவம்பரோடும் முன்பணத்துக்கு 2025 ஜனவரியோடும் கெடு தாண்டிவிட்டது. மூடிய நாளிலிருந்து எண்ணினால் 2027 ஆகஸ்ட் வரை இருக்கிறது. இப்படி நடுவில் மாட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம், அதனால் இந்தக் கணக்கை வைத்தே மற்றதையும் பார்ப்போம்.

வங்கிக்குப் போவதற்கு முன்னால்

ஸ்டேட்மென்ட் கேட்கும் அலுவலகத்திடம் மூன்று விஷயங்களைத் தெளிவாகக் கேட்டுவிடுங்கள்: எந்த மாதங்கள் வேண்டும், வங்கி முத்திரையும் கையெழுத்தும் வேண்டுமா, பிடிஎஃப் போதுமா. இதைக் கேட்காமல் போய் "எல்லாவற்றையும் கொடுங்கள்" என்பதுதான் வீண் செலவுக்கு முதல் காரணம். நம் எடுத்துக்காட்டில் 2019 நவம்பர் முதல் 2020 ஜனவரி வரை மூன்றே மாதம் போதும். டிசம்பரில் ஒன்றும் நடக்கவில்லை என்றாலும் அதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும், ஏனென்றால் வந்த பணம்தான் போனது என்று காட்ட இடையில் இருப்பு அப்படியே இருந்ததும் தெரிய வேண்டும்.

சில நேரம் ஸ்டேட்மென்டே தேவைப்படாது. ஒரே ஒரு பரிமாற்றத்தை நிரூபிக்க வேண்டுமென்றால் அந்த ஒன்றுக்கு மட்டும் வங்கிக் கடிதம் அல்லது காசோலையின் நகல் கேட்கலாம். வட்டி எவ்வளவு வந்தது என்பதற்கு வட்டிச் சான்றிதழ், கணக்கு மூடியாயிற்று என்பதற்கு மூடல் கடிதம், குறிப்பிட்ட நாளில் எவ்வளவு இருந்தது என்பதற்கு இருப்புச் சான்றிதழ். இவற்றுக்குக் கட்டணம் தனி, ஆனால் பல ஆண்டு ஸ்டேட்மென்டைத் தேடி எடுப்பதைவிடப் பெரும்பாலும் குறைவு.

அப்புறம் உங்களிடமே இருக்கிறதா என்று பாருங்கள். மின்னஞ்சலில் வங்கியின் பெயரைப் போட்டு அந்த ஆண்டைக் குறிப்பிட்டுத் தேடுங்கள். மாதாமாதம் வந்த பிடிஎஃப் அங்கேயே கிடக்கலாம். கடவுச்சொல் கேட்கும், அதை எப்படி அமைப்பது என்று அதே மின்னஞ்சலிலேயே எழுதியிருப்பார்கள், பெரும்பாலும் பிறந்த தேதி, பெயரின் முதல் எழுத்துகள், வாடிக்கையாளர் எண் இந்த மாதிரி ஏதாவது ஒன்றாக இருக்கும். அதே வங்கியில் வேறு கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் நெட் பேங்கிங்கில் நுழைந்து பாருங்கள். ஒரே வாடிக்கையாளர் எண்ணின் கீழ் மூடிய கணக்கையும் காட்டும் வங்கிகள் உண்டு. பழைய பாஸ்புக் இருந்தால் அதுவும் சான்றுதான், ஆனால் ரொம்ப நாள் பதியாமல் விட்டிருந்தால் நடுவில் நடந்த வரவு செலவுகளைக் கூட்டி ஓரிரு வரியில் போட்டிருப்பார்கள், அந்த இடத்தில் உங்களுக்கு வேண்டிய பரிமாற்றம் தனியாகத் தெரியாது.

கணக்கு உண்மையிலேயே மூடப்பட்டதா என்பதும் கேள்விதான். நீண்ட நாள் பயன்படுத்தாமல் முடங்கிப்போன கணக்கை மூடிய கணக்கு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். முடங்கிய கணக்கு இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது, அதை மறுபடி இயக்கிவிட்டுச் சாதாரணமாகவே ஸ்டேட்மென்ட் கேட்கலாம், வேலை பாதியாகக் குறையும்.

கணக்கை அடையாளம் காட்டுவது

மூடிய கணக்கு விஷயத்தில் நாள் கணக்கில் இழுப்பது பெரும்பாலும் இந்த இடம்தான். கணக்கு எண் கையில் இருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால், பழைய காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டை, சம்பளச் சீட்டு, பழைய வரிக் கணக்குத் தாக்கல், கடன் ஒப்பந்தம், இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பிய இன்னொரு கணக்கின் ஸ்டேட்மென்ட், இவற்றில் எங்காவது இருக்கும். அதுவும் கிடைக்காவிட்டால் முழுப் பெயர், பிறந்த தேதி, அப்போது கொடுத்திருந்த முகவரி, பழைய அலைபேசி எண், கிளையின் பெயர் இவற்றை வைத்து அவர்களாலேயே தேட முடியும்.

உங்கள் வங்கி இடையில் வேறொரு வங்கியோடு இணைந்திருந்தால் இணைந்த பிறகு இருக்கும் வங்கியிடம்தான் கேட்க வேண்டும், பழைய வங்கியின் பதிவுகளுக்கும் அவர்கள்தான் பொறுப்பு. இணைப்பின்போது கணக்கு எண்கள் மாறியிருக்கலாம். கவுன்டரில் இருப்பவர் பழைய எண்ணை அடித்துவிட்டு "இப்படி ஒரு கணக்கே இல்லை" என்றால் அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் பொருத்தப் பட்டியல் ஒன்று தலைமை அலுவலகத்திலாவது இருக்கும், அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெயர், கையெழுத்து, முகவரி மாறியிருந்தால் மாறியதற்கான சான்றையும் கையோடு கொண்டுபோங்கள். முகவரி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: கணக்கை மூடிய நாளில் என்ன முகவரி இருந்ததோ அதற்கே தபாலில் அனுப்பிவிடுகிற வழக்கம் உண்டு. நீங்கள் குடிமாறியிருந்தால் உங்கள் வரவு செலவு முழுவதும் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் போய் விழும். நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.

கூட்டுக் கணக்காக இருந்தால் ஒருவர் கேட்டாலே போதுமா என்பது வங்கிக்கு வங்கி மாறும். இறந்துபோனவரின் கணக்கு என்றால் இறப்புச் சான்றிதழும், நீங்கள் வாரிசு அல்லது உயிலை நிறைவேற்றுபவர் என்பதற்கான சான்றும் கேட்பார்கள்.

விண்ணப்பம் எழுதுவது

வாய்ச்சொல்லாகக் கேட்டால் வாய்ச்சொல்லாகவே பதில் வரும். கிளையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்: ஊழியர் தன் திரையில் கணக்கு எண்ணை அடித்து, எந்தத் தேதியிலிருந்து என்ற கட்டத்தில் நீங்கள் சொன்ன தேதியைப் போடுகிறார். அந்தத் திரை ஒரு குறிப்பிட்ட ஆண்டுக்கு முன்னால் போகாதபடி அமைக்கப்பட்டிருக்கும், அல்லது வங்கி புதிய மென்பொருளுக்கு மாறிய நாளோடு நின்றுவிடும். "பதிவு இல்லை" என்று வருகிறது. அவர் பொய் சொல்லவில்லை, அவர் திரையில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பழைய தரவு தனியாகச் சேமிப்பகத்தில் இருக்கும், அதை எடுக்கும் அனுமதி வேறு பிரிவுக்குத்தான் உண்டு. எழுத்தில் விண்ணப்பம் போனால்தான் அந்தப் பிரிவுக்கு அது போய்ச் சேரும்.

கடிதம் நீளமாக வேண்டாம். இந்த அளவு போதும்:

> என் பெயரில் உங்கள் கிளையில் இருந்த, 2022 ஆகஸ்டில் மூடப்பட்ட (எண்) கணக்கின் 1-11-2019 முதல் 31-1-2020 வரையிலான ஸ்டேட்மென்ட், வங்கி முத்திரையுடன் தேவை. வரி அலுவலகத்தில் காட்டுவதற்காகக் கேட்கிறேன். கிளையின் கணினியில் இல்லையென்றால் சேமிப்பகத்திலிருந்து எடுத்துத் தர வேண்டுகிறேன். தேடத் தொடங்குவதற்கு முன் கட்டணம் எவ்வளவு, பதிவு கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா என்பதை எழுத்தில் தெரிவிக்கவும். பதிவு அழிக்கப்பட்டிருந்தால் அதையும் கடிதமாகத் தரவும். நேரில் பெற்றுக்கொள்கிறேன்.

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மின்னஞ்சலிலோ தொலைபேசியிலோ கேட்டால் கோரிக்கை எண் தருவார்கள், அதைக் குறித்துவையுங்கள். சேமிப்பகத்திலிருந்து வர வேண்டியது அன்றைக்கே கையில் கிடைக்காது, நாட்களோ சில வாரங்களோ ஆகலாம், எனவே உங்களிடம் கேட்ட அலுவலகத்தில் அவகாசம் வாங்கும்போது இந்த முத்திரை போட்ட பிரதியையே காட்டலாம்.

கட்டணம்: எதை எண்ணுகிறார்கள் என்று பாருங்கள்

ஒவ்வொரு வங்கியும் சேவைக் கட்டண அட்டவணை வெளியிடுகிறது, இணையதளத்தில் இருக்கும், கிளையில் கேட்டாலும் காட்டுவார்கள். அதில் "ஸ்டேட்மென்ட் நகல்" என்று ஒரு வரியும், "பழைய பதிவுகளைத் தேடுதல்" என்று இன்னொரு வரியும் தனித்தனியாக இருக்கலாம். உங்களுடையது இரண்டில் எதில் வருகிறது என்று கேளுங்கள், இரண்டையும் சேர்த்தும் பிடிக்கலாம். தொகையைவிட அது எதற்கு எவ்வளவு என்பதுதான் முக்கியம், ஏனென்றால் நீங்கள் கேட்கும் விதத்தையே அது மாற்றும்.

நம் எடுத்துக்காட்டையே போட்டுப் பார்க்கலாம். எந்த வங்கியின் கட்டணமும் இல்லை இது, கணக்குப் புரிவதற்காக நானாக வைத்துக்கொண்ட எண்கள்தான்.

மாதத்துக்கு 100 என்று பிடிக்கிற வங்கி என்றால் மூன்று மாதத்துக்கு 300. கணக்கு திறந்ததிலிருந்து மூடியது வரை எல்லாம் வேண்டும் என்று கேட்டிருந்தால் 80 மாதம், 8,000. இந்த மாதிரி வங்கியிடம் தேவையான மாதங்களை மட்டும் கறாராகக் கேட்க வேண்டும்.

பக்கத்துக்கு 20 என்றால் மூன்று மாதத்துக்கு ஆறு பக்கம் வந்தால் 120. அதிகப் பரிமாற்றம் இல்லாத கணக்குக்கு இது லாபம். தினமும் பத்துப் பதினைந்து வரவு செலவு ஓடிய வியாபாரக் கணக்கு என்றால் ஒரு மாதமே எத்தனையோ பக்கம் போகும், அதனால் பக்கம் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கு இவ்வளவு என்றால், ஆண்டு என்று எதைச் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும். ஜனவரி முதல் டிசம்பர் என்று எண்ணினால் நம் மூன்று மாதம் 2019, 2020 இரண்டிலும் விழுகிறது, இரண்டு ஆண்டுக் கட்டணம். ஏப்ரல் முதல் மார்ச் வரை நிதியாண்டாக எண்ணினால் ஒரே ஆண்டுக்குள் அடங்கிவிடுகிறது.

தேடும் நேரத்துக்கு, மணிக்கு 500 என்று பிடிக்கிற வங்கியிடம் கதையே வேறு. ஒரு மாதத்தைத் தேடினாலும் குறைந்தது ஒரு மணி நேரக் கட்டணம் உண்டு என்று வைத்திருப்பார்கள், அதே நேரத்தில் பத்து மாதத்தையும் எடுத்துவிட முடியும். இங்கே துண்டு துண்டாகக் கேட்பதுதான் நஷ்டம். பின்னால் தேவைப்படலாம் என்று தோன்றுகிற மாதங்களையும், மூடிய மாதத்தின் ஸ்டேட்மென்டையும் ஒரே கடிதத்தில் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

இதற்கு மேல் வரி சேரலாம், தபால் அல்லது கூரியர் செலவு தனி, முத்திரையிட்ட சான்றுப் பிரதி என்றால் அதற்கும் தனிக் கட்டணம் இருக்கலாம். மூடிய கணக்கிலிருந்து பிடிக்க முடியாது என்பதால் வேறு கணக்கிலிருந்து எடுப்பார்கள், இல்லையென்றால் ரொக்கமாகக் கட்டச் சொல்வார்கள். எதுவானாலும் ரசீது வாங்குங்கள்.

தேடியும் கிடைக்கவில்லை என்றால் கட்டணத்தைத் திருப்பித் தருவார்களா? மணிக்கணக்கில் பிடிக்கிற இடத்தில் பெரும்பாலும் தரமாட்டார்கள், தேடிய வேலைக்குத்தான் காசு என்பார்கள். அதனால்தான் முன்கூட்டியே எழுத்தில் கேட்கச் சொன்னேன். பதிவு இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், அதைச் சும்மாவே செய்து தருகிற கிளைகள் நிறைய.

கட்டணமே இல்லாத ஒரு வழியும் சில நாடுகளில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஜிடிபிஆர் சட்டத்தின் 15-வது பிரிவின்படி, ஒரு நிறுவனம் உங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவலின் முதல் நகலை இலவசமாகக் கேட்கலாம். ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும், சிக்கலான கோரிக்கை என்றால் இன்னும் இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளலாம். பிரிட்டனிலும் இதே மாதிரி உரிமை உண்டு. ஒன்றை மட்டும் புரிந்துகொள்ளுங்கள், அவர்கள் தருவது தகவல், அது முத்திரையிட்ட ஸ்டேட்மென்டாக இருக்க வேண்டிய அவசியமில்லை, வெறும் பட்டியலாக வரலாம். முத்திரை கேட்கிற அலுவலகத்துக்கு அது உதவாது, உங்கள் கணக்கை நீங்களே சரிபார்க்கவும், எந்த மாதம் வேண்டும் என்று கண்டுபிடிக்கவும் நன்றாகவே உதவும்.

இல்லை என்று சொன்னால்

"எங்களிடம் தெரியவில்லை" என்பது ஒன்று, "கெடு முடிந்து அழித்துவிட்டோம்" என்பது வேறு. முதலாவதுக்கு மேலே கேட்க வேண்டும்: கிளை மேலாளர், பிறகு வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவு, அங்கும் சரியான பதில் இல்லையென்றால் உங்கள் நாட்டில் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் அமைப்பு. இரண்டாவதாக இருந்தால் வாதாடிப் பயனில்லை, இல்லாததை அவர்களால் தர முடியாது. ஆனால் அதைக் கடிதமாக வாங்கிவிடுங்கள். கேட்ட அலுவலகத்தில் அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வேறு சான்றுகளைக் காட்டினால் ஏற்றுக்கொள்வதற்கு வாய்ப்பு இருக்கிறது, வெறுங்கையோடு போய் "வங்கியில் இல்லையாம்" என்றால் ஏற்கமாட்டார்கள்.

வேறு சான்றுக்கு எதிர்முனையைப் பாருங்கள். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் இரண்டு பக்கம் இருக்கிறது. நம் எடுத்துக்காட்டில் பணம் வந்தது இன்னொரு வங்கியின் வைப்புத்தொகையிலிருந்து, அந்த வங்கியில் கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அங்கே முதிர்வுச் சீட்டும் பணம் அனுப்பிய பதிவும் சுலபமாகக் கிடைக்கும். முன்பணம் வாங்கிய விற்பனையாளர் தன் ஸ்டேட்மென்டில் அந்த வரவைக் காட்ட முடியும், ஒப்பந்தப் பத்திரத்திலும் தேதியும் தொகையும் எழுதியிருக்கும். இந்த மூன்றையும் சேர்த்து வைத்தால் மூடிய கணக்கில் நடந்தது ஏறக்குறைய முழுவதும் வெளியே தெரிந்துவிடும்.

இந்த நேரத்தில் காசு கொடுத்தால் ஸ்டேட்மென்ட் "தயார் செய்து" தருகிறேன் என்று யாராவது வந்தால் கிட்டேயே போகாதீர்கள், அது போலி ஆவணம், வங்கியிடம் சரிபார்க்க ஒரு மின்னஞ்சல் போதும், மாட்டுவது நீங்கள்தான்.

கையில் வந்ததும்

வாங்கிய இடத்திலேயே பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் கடைசி இருப்பும் அடுத்த பக்கத்தின் முதல் வரியில், B/F என்று போட்டிருக்கும் இடத்தில், அதே தொகையாக இருக்க வேண்டும். பக்க எண்கள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா, தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் நீங்கள் கேட்டவையா, எல்லாப் பக்கத்திலும் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வங்கி மென்பொருள் மாறிய நாளையொட்டி இருப்பு தாவியிருந்தால் நடுவில் சில வரிகள் விடுபட்டிருக்கின்றன என்று அர்த்தம். பிடிஎஃப் என்றால் வந்த கோப்பை அப்படியே ஒரு பிரதி வையுங்கள், கடவுச்சொல்லை எடுக்கவோ பக்கத்தைப் பிரிக்கவோ வேறு பிரதியில் செய்யுங்கள், இல்லாவிட்டால் அதிலிருக்கும் டிஜிட்டல் கையெழுத்து செல்லாமல் போகும்.

பக்கம் விடுபட்டிருந்தால் புது விண்ணப்பம் போடாதீர்கள், போட்டால் புதுக் கட்டணம் வரும். அதே கோரிக்கை எண்ணைச் சொல்லி, எந்தத் தேதிக்கும் எந்தத் தேதிக்கும் நடுவில் இருப்பு ஒத்துப்போகவில்லை என்று குறித்துக் கொடுங்கள். அவர்கள் விட்டது என்று தெரிந்தால் மறுபடி காசு கேட்கமாட்டார்கள், கேட்டாலும் ரசீதையும் முதல் விண்ணப்பத்தையும் காட்டி மறுக்கலாம்.